திமிங்கிலம் பார்க்க எந்த மாதம், எந்தப் படகு?

இலங்கைக்குத் திமிங்கிலம் பார்க்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, அது எந்த மாதம் வரும் என்றுதான். அங்குள்ள நீலத் திமிங்கிலங்களில் ஒரு பகுதி ஆண்டு முழுவதும் அந்தக் கடலிலேயே இருக்கின்றன. படகு போக முடியுமா என்பதைக் காற்றுதான் முடிவு செய்கிறது.

மே முதல் செப்டம்பர் வரை சோளகக் காற்று தென்கரையை அலைக்கழிக்கும். எனவே மிரிசவுக்கு டிசம்பர் முதல் ஏப்ரல் வரை போகலாம். வாடைக் காற்றில் கிழக்குக் கரை கொந்தளிக்கும் என்பதால் திருகோணமலைக்கு மே முதல் செப்டம்பர் வரை ஏற்ற காலம். அரையாண்டு விடுமுறை என்றால் மிரிச, கோடை விடுமுறை மே மாதத்தில் என்றால் திருகோணமலை. டால்பின் போதும் என்பவர்கள் டிசம்பரிலிருந்து மார்ச்சுக்குள் மேற்குக் கரையில் உள்ள கற்பிட்டிக்குப் போகலாம். அங்கே ஸ்பின்னர் டால்பின்கள் பெருங்கூட்டமாக வரும். துள்ளிச் சுழன்று விழும்.

இரண்டு திமிங்கிலக் கரைகளிலும் ஆழ்கடல் கரைக்கு மிக அருகே தொடங்குகிறது. அதனால் காலையில் புறப்பட்டு மதியத்துக்குள் திரும்பிவிடலாம். வெயில் ஏற ஏறக் காற்றும் கூடும். வெண்நுரை தலைகாட்டினால் தூரத்தில் எழும் மூச்சுத் திவலையைப் பிரித்தறிவது கடினம். எனவே விடியற்காலைப் படகே நல்லது.

மிரிசவில் இரண்டடுக்குப் பெரிய படகுகள் உண்டு. ஆட்டம் குறைவு, கழிப்பறை இருக்கும், உயரத்திலிருந்து நெடுந்தூரம் தெரியும். குழந்தைகளும் முதியவர்களும் வந்தால் இதுவே சரி. சிறிய ஃபைபர் படகு வேகமாகப் போகும், கூட்டம் இருக்காது. ஆனால் வெயிலுக்கு மறைப்பு குறைவு, அலையில் முதுகு நொந்துவிடும். வாந்தி வருமென்று பயந்தால் மருத்துவரிடம் கேட்டு, புறப்படுவதற்கு முன்பே மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் பெரிதாகப் பயன் இராது.

விளம்பரத்தில் தொண்ணூறு சதவீதம் என்று எழுதியிருந்தால், அதில் டால்பினும் சேர்த்தியா என்று கேளுங்கள். ஒரு நாளில் திமிங்கிலம் தெரிய எழுபது சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நாளும் ஏமாற வாய்ப்பு, கணக்குப்படி ஒன்பது சதவீதம்தான். ஆனால் அவை இரை இருக்கும் இடத்துக்கு நகர்வதால், இன்று காணாத பகுதியில் நாளையும் காணாமல் போகலாம். ஆகவே முன்பதிவுக்கு முன், கடந்த மூன்று நாளில் என்ன தென்பட்டது என்று விசாரியுங்கள்.

நீலத் திமிங்கிலம் சில நிமிடம் மேலே வந்து, பலமுறை மூச்சுவிட்டு, மீண்டும் மூழ்கும். பத்து நிமிடமோ கூடுதலாகவோ உள்ளே இருக்கும். உங்கள் கண்ணுக்குக் கிடைப்பது திவலை, நீண்ட முதுகு, சில சமயம் வால். துரத்தும் படகு இந்தச் சில நிமிடங்களையும் குறைத்துவிடும். எந்திரத்தைத் தணித்து, தள்ளி நின்று காத்திருக்கும் படகோட்டி யாரென்று முந்தைய நாள் போய்வந்தவர்களிடம் கேட்டுத் தேர்ந்தெடுங்கள்.