மாறுதலில் போனவரின் பழைய சாவிகள்

வங்கிக் கிளையின் பெட்டகத்தை ஒரே ஆளால் திறக்க முடியாது. சாவி இரண்டு. ஒன்று அதிகாரியிடம், மற்றது தலைமைக் காசாளரிடம். பழனியில் சாவி வைத்திருந்த அதிகாரிக்குக் கொடைக்கானலுக்கு மாறுதல் வந்தால், மலைப்பாதையில் பஸ் ஏறுவதற்கு முன் சாவிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு அதை அடுத்தவரிடம் ஒப்படைத்தாக வேண்டும். அவர் மறந்தாலும் சாவி மறக்க விடாது. மறுநாள் காலை பழனியில் பெட்டகம் திறக்காது. பத்து மணிக்குள் கொடைக்கானலுக்குப் போன் வந்துவிடும். இரும்புச் சாவியின் அருமையே அதுதான்: ஒரு நேரத்தில் ஒருவர் பையில்தான் இருக்கும்.

கணினியில் கொடுக்கும் அனுமதிக்கு அந்தக் குணம் கிடையாது. புதியவருக்கு அனுமதி கொடுத்தால் பழையவரிடம் இருப்பது குறைவதில்லை. இருவரிடமும் இருக்கும், நூறு பேருக்குக் கொடுத்தால் நூறு பேரிடமும் இருக்கும். ஆகவே ஊழியர் ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்குப் போகும்போது புது அனுமதிகள் வந்து சேரும். பழையவை அப்படியே நிற்கும். மூன்று மாறுதலுக்குப் பிறகு அவர் கணக்கில் நான்கு வேலைகளின் அனுமதிகள் இருக்கும். கணினிப் பாதுகாப்புத் துறையில் இதற்கு ‘பிரிவிலேஜ் கிரீப்’ என்று பெயர். நாம் அனுமதித் தேக்கம் என்று வைத்துக்கொள்வோம்.

யாரும் திட்டமிட்டு இதைச் செய்வதில்லை. புது இடத்தில் ஓர் அனுமதி குறைந்தால் வேலை நின்றுபோகும். அரைமணி நேரத்தில் ஐடி பிரிவுக்குப் புகார் போகும். பழைய அனுமதி ஒன்று கூடுதலாக இருந்தால் யாருக்கும் எதுவும் நிற்பதில்லை. புகாரே வராத பிழை ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருக்கும்.

ஒரு கற்பனை ஊழியரின் பாதையைத் தொடர்ந்து போனால் தேக்கம் சேரும் விதம் தெரியும். செல்வி என்று பெயர் வைப்போம். பழனி கிளையில் கிளார்க்காகச் சேர்கிறார். கணக்குத் திறப்பது, வாடிக்கையாளரின் செல்போன் எண்ணை மாற்றுவது போன்ற வேலைகளுக்கு என்ட்ரி போடுவது அவர் பொறுப்பு. பதவி உயர்வில் கொடைக்கானல் கிளைக்கு அதிகாரியாகப் போகிறார். இப்போது மற்றவர் போட்ட என்ட்ரியைச் சரிபார்த்து ‘பாஸ்’ செய்வது அவர் வேலை. இடையில் பண்ணைக்காட்டுக் கிளையில் ஒருவர் நீண்ட லீவில் போக, பத்து நாள் டெபுடேஷன். அந்தக் கிளையின் கணக்குகளையும் பார்க்க அனுமதி தருகிறார்கள். கடைசியில் திண்டுக்கல் மண்டல அலுவலகம். அங்கே செயல்படாத கணக்குகளின் பட்டியல் அவர் மேசைக்கு வருகிறது. வாடிக்கையாளர் இரண்டு ஆண்டுக்கு மேல் தொடாத கணக்குகள் அவை.

இந்த அனுமதிகள் ஒவ்வொன்றும் அந்தந்த நாளில் நியாயமானவை. ஆனால் சேர்த்துப் பாருங்கள். எந்தக் கணக்கை யாரும் கவனிப்பதில்லை என்று திண்டுக்கல் பட்டியல் சொல்கிறது. அந்தக் கணக்கின் செல்போன் எண்ணை மாற்றப் பழனி அனுமதி போதும். ஓடிபி புது எண்ணுக்கு வரும். மாற்றத்தை ஒப்புக்கொள்ளக் கொடைக்கானல் அனுமதி இருக்கிறது.

‘ஒருவர் போட்ட என்ட்ரியை அவரே பாஸ் செய்ய மென்பொருள் விடாதே’ என்று வங்கியில் வேலை பார்ப்பவர்கள் உடனே சொல்வார்கள். சரிதான். ஆனால் மென்பொருள் மனிதரைப் பார்ப்பதில்லை, ஐடியைத்தான் பார்க்கிறது. புது இடத்தில் புது ஐடி உருவாக்கி, பழையதை மூடாமல் விட்டால், ஒரே செல்வி அதன் கண்ணுக்கு இரண்டு பேர். பழனி செல்வி போட்ட என்ட்ரியைக் கொடைக்கானல் செல்வி பாஸ் செய்யலாம். விதி எங்கும் மீறப்பட்டதாகத் தெரியாது. இன்னொரு கவலையும் உண்டு. செல்வி நேர்மையானவராகவே இருக்கட்டும். அவருடைய பாஸ்வேர்டைத் திருடியவருக்கு இந்தச் சேர்மானம் மொத்தமாகக் கிடைக்கும்.

இதில் ஒரு சின்னக் கணக்கு ஒளிந்திருக்கிறது. ஆபத்து தனி அனுமதியில் குறைவு, ஜோடியில் அதிகம். ஒருவரிடம் 6 அனுமதிகள் இருந்தால் 15 ஜோடிகள். 12 இருந்தால் 66. 24 இருந்தால் 276. அனுமதி நான்கு மடங்கு ஆகும்போது ஜோடிகள் பதினெட்டு மடங்குக்கு மேல் பெருகுகின்றன. இருபது வருடம் பணியாற்றி எல்லாப் பிரிவையும் பார்த்தவர் எந்த அலுவலகத்துக்கும் பெரிய சொத்து. அவருடைய ஐடி அதே அளவுக்குப் பெரிய ஓட்டை.

தேக்கத்தை வடியவைக்க, ஆண்டுக்கு ஒருமுறை மேலாளரிடம் பட்டியலை நீட்டி ‘இவையெல்லாம் இவருக்குத் தேவையா?’ என்று கேட்பது வழக்கம். மேலாளரின் கீழ் 12 பேர், ஆளுக்கு 40 அனுமதி என்றால் 480 வரிகள். பாதி வரிகளில் இருப்பது புரியாத குறியீட்டுப் பெயர்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன் எல்லாவற்றுக்கும் ‘சரி’ விழுந்துவிடும். என் கணிப்பில் இந்தச் சடங்கு பல இடங்களில் ஆடிட்டருக்குக் காட்டவே நடக்கிறது.

இதைவிடக் கெட்டிக்காரத்தனமான வழி, மாறுதல் நடக்கும் அதே நாளில் பிடிப்பது. இதை ஆங்கிலத்தில் ‘மூவர்’, அதாவது இடம் மாறுபவர், நடைமுறை என்பார்கள். சேர்பவர், இடம் மாறுபவர், விலகுபவர் என்ற மூன்றில் நடு ஆளுக்கானது. முதல் விதி: தொடக்கம் மனிதவளப் பிரிவின் மாறுதல் உத்தரவிலிருந்து வர வேண்டும். மேலாளர் மெயில் போடுவார் என்று காத்திருந்தால், அவர் புது அனுமதியைக் கேட்கத்தான் மெயில் போடுவார். பழையதை எடுக்கச் சொல்லி எழுத அவருக்கு ஒரு காரணமும் இல்லை. உத்தரவில் பணியேற்கும் தேதி விழுந்தவுடன் மென்பொருள் இரண்டு பட்டியல்களை ஒப்பிடுகிறது. மொத்தச் சூட்சுமமும் இரண்டு வரிகள்:

```
remove = actual_access - new_role
add    = new_role - actual_access
```

முதல் வரி: கையில் இருப்பதில் புது வேலைக்குத் தேவையில்லாததை எடு. இரண்டாம் வரி: புது வேலைக்குத் தேவையானதில் கையில் இல்லாததைக் கொடு. இரண்டு பட்டியலிலும் இருப்பதைத் தொட வேண்டியதில்லை.

பலர் சறுக்குவது `actual_access` என்ற இடத்தில். அங்கே பழைய பதவிக்குரிய பட்டியலைப் போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் பண்ணைக்காட்டு டெபுடேஷன் அனுமதி தப்பிவிடும். கொடைக்கானல் அதிகாரி பதவியின் பட்டியலில் அது எப்போதுமே இருந்ததில்லை. தனிக் கோரிக்கையில் கொடுத்தது. ஆகவே பதவிக்கு என்ன என்று பார்க்காமல், அந்த ஆளின் பெயரில் இன்று ஒவ்வொரு மென்பொருளிலும் உண்மையில் என்ன இருக்கிறது என்று போய்ப் பார்த்து எடுத்துவர வேண்டும். தற்காலிக அனுமதிக்குக் கொடுக்கும்போதே முடிவு நாளையும் எழுதிவிட்டால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

வரிசையும் முக்கியம். முதலில் எடுப்பது, பிறகு கொடுப்பது. ஆனால் நிஜ அலுவலகத்தில் செல்வி பழைய வேலையை ஒரே நாளில் கைகழுவிவிட முடியாது. புதியவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும். அதற்கு ஒரு வாரமோ பத்து நாளோ சலுகைக் காலம் கொடுக்கலாம்: பார்க்க மட்டும் அனுமதி, நாள் முடிந்தால் தானே அணைந்துவிடும். ஆபத்தான ஜோடிகளுக்கு மட்டும் சலுகை கிடையாது. என்ட்ரி போடும் உரிமை போன பிறகே பாஸ் செய்யும் உரிமை வர வேண்டும்.

இதையெல்லாம் கெடுக்க ஒரே வாக்கியம் போதும்: ‘அந்த சீட்டில் இருக்கும் சாருக்கு என்னென்ன இருக்கோ, அதையே இவங்களுக்கும் போட்டுடுங்க.’ ஐடி பிரிவுக்கு வசதியான வழிதான். ஆனால் அந்த சார் பதினைந்து வருடமாகச் சேர்த்த தேக்கம் முழுவதும் நேற்று வந்தவருக்கு நகலாகிறது. ஒருவரின் தேக்கம் இப்படித்தான் ஒரு பிரிவின் தேக்கமாகிறது.

இரண்டு வரிக் கணக்குக்கு எட்டாத தீவுகளும் உண்டு. மைய முறையோடு இணைக்காத பழைய மென்பொருள், பலர் பகிரும் பாஸ்வேர்ட், தனிக் கணினியில் இயங்கும் முனையம். இப்படியொரு தீவு என்ன செய்யும் என்பதற்கு இந்தியாவின் பெரிய உதாரணம் பஞ்சாப் நேஷனல் வங்கி. 2018 பிப்ரவரி 14 அன்று, மும்பைக் கிளை ஒன்றில் சுமார் 11,400 கோடி ரூபாய்க்கு மோசடிப் பரிவர்த்தனைகள் நடந்ததாக வங்கி அறிவித்தது. வெளிநாட்டு வங்கிகளுக்கு உத்தரவாதச் செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் முறை, வங்கியின் மையக் கணக்கு மென்பொருளோடு இணைக்கப்பட்டிருக்கவில்லை. செய்தி போனது, கணக்கில் ஏறவில்லை. குற்றம் சாட்டப்பட்ட அதிகாரி சுமார் ஏழு ஆண்டு அதே கிளையில் இருந்தவர். அதாவது அங்கே மாறுதலே நடக்கவில்லை. அனுமதியைக் கழிக்க ஒரு நாளும் வரவில்லை. அடுத்த சில மாதங்களுக்குள் இரண்டு முறைகளையும் இணைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கெடு விதித்தது.

நடைமுறை வேலை செய்கிறதா என்பதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை உண்டு. ஒரே பதவியில் இருப்பவர்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவரின் அனுமதிகளை எண்ணுங்கள். ஒரே வேலை என்றால் எண்ணிக்கையும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். பணிக்காலம் கூடக் கூட எண்ணிக்கையும் ஏறினால் தேக்கம் இருக்கிறது. அடுத்து, ஒவ்வொரு அனுமதியும் கடைசியாகப் பயன்பட்ட தேதியைப் பாருங்கள். ஆறு மாதமாகத் தொடாத அனுமதியைப் பற்றி மேலாளரிடம் கேட்டால், 480 வரிக்குப் பதில் பத்துப் பதினைந்து வரிதான் வரும். அதை அவர் உண்மையிலேயே படிப்பார். ஆண்டுக் கணக்கு முடிப்பு போல வருடத்துக்கு ஒருமுறை மட்டும் தேவைப்படும் அனுமதிகளைத் தனியாகக் குறித்து வையுங்கள்; இல்லாவிட்டால் மார்ச் 31 இரவு ஐடி பிரிவுக்குத் தூக்கம் இல்லை.

ஒன்றை மட்டும் எந்த மென்பொருளாலும் திரும்பப் பெற முடியாது. பிரான்ஸின் சொசியேதே ஜெனரால் வங்கியில் ஜெரோம் கெர்வியேல் 2000-ல் சேர்ந்தது, வர்த்தகர்களின் பரிவர்த்தனைகளைப் பதிந்து சரிபார்க்கும் நடு அலுவலகத்தில். 2005 வாக்கில் அவரே வர்த்தகர் ஆனார். எந்தச் சோதனை எப்போது நடக்கும் என்பது அவருக்குத் தெரியும். போலி எதிர்ப் பரிவர்த்தனைகளைப் பதிந்து, சோதனைக்கு முன் நீக்கி, வேறொன்றைப் போட்டார். 2008 ஜனவரியில் வங்கி அறிவித்த நஷ்டம் 490 கோடி யூரோ. அனுமதியை எடுத்துவிடலாம், தெரிந்ததை எடுக்க முடியாது. ஆகவே சரிபார்க்கும் பிரிவிலிருந்து ஒருவர் சரிபார்க்கப்படும் பிரிவுக்குப் போகும்போது, அனுமதிகளைக் கழிப்பதோடு அந்தச் சோதனைகள் நடக்கும் நேரத்தையும் விதத்தையும் மாற்றிவிட வேண்டியிருக்கிறது.