இறால் முதுகில் ஒரு கறுப்புக் கோடு

விருந்தில் இலைக்கு இறால் தொக்கு வந்தது. பக்கத்தில் இருந்தவர் ஒரு இறாலைப் புரட்டிப் பார்த்தார். முதுகு நெடுக கறுப்புக் கோடு. "நரம்பு எடுக்கல சார், வயிறு கெட்டுரும்" என்று அத்தனையையும் இலை ஓரத்தில் ஒதுக்கினார். நான் என் பங்கைத் தின்று முடித்தேன்.

நரம்பு என்பது நாம் வைத்த பெயர். அது இறாலின் குடல். தலைக்குள் இருக்கும் வயிற்றிலிருந்து முதுகுச் சதை வழியாக வால் வரை ஓடுகிறது. பாசி, மக்கிய சேறு, கொஞ்சம் மணல் என்று இறால் கடைசியாகத் தின்றதுதான் அந்தக் கறுப்பு. அசல் நரம்பு அடிப்பக்கம் வெளிறிப்போய்க் கிடக்கும். அதை யாரும் தேடுவதில்லை. பிடிபடும்போது குடல் நிறைந்திருந்தால் கோடு கறுப்பாகத் தெரியும், காலியாக இருந்தால் தெரியாது. பண்ணை இறாலுக்குப் பிடிப்பதற்கு முன் தீனியை நிறுத்தியிருந்தால் கோடே இருக்காது. ஆகவே கோட்டை வைத்து இறால் புதுசா பழசா என்று சொல்ல முடியாது. அதற்கு மூக்கு இருக்கிறது: அம்மோனியா வாடை அடித்தால், சதை கொழகொழவென்று இருந்தால், குடலை எடுத்தாலும் அந்த இறால் வேண்டாம்.

குடலில் கிருமி உண்டுதான். ஆனால் ஓட்டிலும் செவுளிலும்கூட அதே கிருமிகள் இருக்கின்றன. விப்ரியோ போன்றவை நல்ல சூட்டில் சாகின்றன. நடுச்சதை 63 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும் என்பது கணக்கு. வீட்டில் தெர்மாமீட்டர் எதற்கு? கண்ணாடிபோல் இருந்த சதை உள்வரைக்கும் வெள்ளையாக மாறினால் போதும். அரைவேக்காடாக இறக்கினால், குடலை எடுத்த இறாலும் வயிற்றைக் கெடுக்கும். இறால் ஒத்துக்கொள்ளாமல் உடம்பு தடித்து அரிப்பு எடுப்பவர்களுக்கும் காரணம் சதையில் உள்ள புரதம்தான். குடலை நீக்கிப் பயனில்லை.

அடுப்புச் சூட்டில் மணல் மட்டும் கரையாது. பெரிய இறாலில் குடல் தடிமனாக இருப்பதால் பல்லில் நறநறக்கும், சில சமயம் லேசாகக் கசக்கும். பொடி இறாலில் இது தெரியவே தெரியாது. கூனியை நாம் குடலோடுதானே துவையல் அரைக்கிறோம்!

பெரிய இறாலைப் பச்சையாக இருக்கும்போதே சுத்தம் செய்வது சுலபம். முதுகை வளைத்துப் பிடித்து, இரண்டு வளையங்களுக்கு நடுவே பல்குச்சியைக் குறுக்கே விட்டு மெல்லத் தூக்கினால் நூல் மாதிரி முழுசாக வந்துவிடும். வெந்த பிறகு அப்படி இழுத்தால் அறுந்துபோகும். இலையில் கோட்டைப் பார்த்துவிட்டால், முதுகைக் கீறி விரல் நுனியால் வழித்துப் போட்டால் தீர்ந்தது. பக்கத்து இலைக்காரருக்கு அரை நிமிட வேலை.