இரண்டு பாதம், ஓர் உயரம்

காலடித் தடத்தை வைத்து ஆளின் உயரத்தைக் கணிப்பது தடயவியலில் நெடுநாளாக நடந்துவரும் வேலை. 200 பேரின் இடது பாத நீளம், வலது பாத நீளம், உயரம் மூன்றையும் அளந்து கணினியிடம் கொடுத்து, பாதங்களைக் கொண்டு உயரத்தைச் சொல்லும் சூத்திரம் ஒன்றைக் கேட்டால் நொடியில் கிடைத்துவிடும். ஆனால் அது சில வேளை இப்படி வந்து நிற்கும்: இடது பாதம் நீண்டால் ஆள் உயரம், வலது பாதம் நீண்டால் ஆள் குள்ளம்.

கணக்கு எங்கும் தப்பவில்லை. அப்படியும் ஏன் இந்த விடை வருகிறது என்று பார்க்க, கைக்கு அடக்கமான எண்களை வைத்துக்கொள்வோம். மூன்று அளவுகளிலும் சராசரியைக் கழித்து, திட்ட விலக்கத்தால் வகுத்து, எல்லாவற்றையும் ஒரே அலகுக்குக் கொண்டுவந்துவிட்டோம். இரு பாதங்களுக்கும் இடையிலான ஒட்டுறவு 0.98. உயரத்தோடு இடது பாதத்துக்கு உள்ள ஒட்டுறவு 0.70, வலது பாதத்துக்கு 0.68. பள்ளியில் படித்த மீச்சிறு வர்க்க முறையில் போட்டால் இடது பாதத்தின் கெழு 0.848, வலது பாதத்தின் கெழு −0.152. வேறு 200 பேரை அளக்கும்போது 0.70, 0.68 என்ற அந்த இரண்டும் இடம் மாறி வந்தால் போதும், கெழுக்களும் அப்படியே தலைகீழாகிவிடும். வெறும் 0.02 வித்தியாசத்துக்கு ஒவ்வொரு கெழுவும் முழுதாக 1 அளவுக்குத் தாவுகிறது.

இந்த 200 பேரையும் வரைபடத் தாளில் புள்ளிகளாக வைத்துப் பாருங்கள். கிடையாக இடது பாதம், செங்குத்தாக வலது பாதம். புள்ளிகள் மூலைவிட்டத்தை ஒட்டி, சுருட்டு வடிவில் நீளமாகக் கிடக்கும். சுருட்டின் நீளவாக்கில் போனால் இரண்டு பாதமும் சேர்ந்து நீள்கின்றன. குறுக்குவாக்கில் போனால் ஒன்று நீள, மற்றது குறைகிறது. புள்ளிகள் நீளவாக்கில் எவ்வளவு பரவியிருக்கின்றன, குறுக்குவாக்கில் எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதைச் சொல்லும் எண்களைத்தான் ஐகன் மதிப்புகள் என்கிறார்கள். நம் கணக்கில் நீளவாக்கில் 1.98, குறுக்குவாக்கில் 0.02.

பாதம் சிறியவர், பெரியவர் என்று எல்லாரும் கூட்டத்தில் இருப்பதால், இரண்டு பாதமும் சேர்ந்து நீண்டால் உயரம் எவ்வளவு கூடும் என்பதை இந்தத் தரவு நன்றாகவே சொல்லும். வலதைவிட இடது மட்டும் நீண்டிருந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கோ அதனிடம் பதிலே இல்லை. அப்படிப்பட்ட ஆட்கள் அநேகமாகக் கூட்டத்தில் கிடையாது. இரண்டு அடி மட்டும் நடந்துவிட்டு ஊர்ச் சாலை முழுவதும் ஏற்றமா இறக்கமா என்று சொல்வது போன்றது அது. மீச்சிறு வர்க்க முறை ஒவ்வொரு திசையிலும் கிடைத்ததை அந்தத் திசையின் ஐகன் மதிப்பால் வகுக்கிறது. இரு கெழுக்களின் கூடுதல் 1.38 ÷ 1.98, அதாவது 0.697. அவற்றின் வித்தியாசம் 0.02 ÷ 0.02, அதாவது 1. அளவையில் நேர்ந்த சிறு பிசகைச் சின்னஞ்சிறு எண்ணால் வகுத்ததால் அது பூதாகரமாகிவிட்டது. இரு திசைகளிலும் எதிர்பார்க்க வேண்டிய பிழையை ஒப்பிட்டால், குறுக்குவாக்கில் அது ஏறத்தாழ 10 மடங்கு.

ஆர்தர் ஹோர்ல், ராபர்ட் கென்னார்டு என்ற இரு அமெரிக்கர்கள் 1970-ல் ‘டெக்னோமெட்ரிக்ஸ்’ இதழில் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். ஒட்டுறவுகளை அடுக்கிய அணியின் மூலைவிட்டத்தில் உள்ள எண்களோடு ஒரு சிறு எண்ணைக் கூட்டிவிட்டு, பிறகு கணக்கைப் போட வேண்டும். அவ்வளவுதான் ரிட்ஜ் ரிக்ரஷன். கூட்டும் எண்ணை 0.1 என்று வைத்தால், வகுக்கும் எண் நீளவாக்கில் 1.98 என்பதிலிருந்து 2.08 ஆகும், குறுக்குவாக்கில் 0.02 என்பதிலிருந்து 0.12 ஆகும்.

எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். கூட்டியது இரண்டு திசைக்கும் ஒரே 0.1. ஆனால் 1.98-க்கு அது ஒரு பொருட்டே இல்லை, 0.02-க்கு ஐந்து மடங்கு. ஆகவே கெழுக்களின் கூடுதல் 0.697-லிருந்து 0.663-க்கு லேசாக இறங்குகிறது, 95 சதவீதம் தங்கிவிடுகிறது. வித்தியாசமோ 1-லிருந்து 0.167-க்கு, ஆறில் ஒரு பங்காக, வற்றிப்போகிறது. எந்தத் திசையைச் சுருக்க வேண்டும் என்று ரிட்ஜுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தரவு எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கே சுருக்கம் தானாகவே அதிகமாகிறது. புதிய கெழுக்கள் 0.415, 0.248. இரண்டும் நேர்மறை. ஒட்டுறவுகள் இடம் மாறினாலும் ஒவ்வொன்றும் 0.167 அளவுக்குத்தான் அசையும்.

சாதாரண ஆட்களுக்கு இரண்டு சூத்திரமும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தைத்தான் சொல்லும். இரண்டு பாதமும் சராசரியைவிட ஓர் அலகு நீண்டவருக்குப் பழையது 0.697 என்கிறது, புதியது 0.663 என்கிறது. வலது தடம் மட்டும் சேற்றில் வழுக்கி ஓர் அலகு நீளமாகப் பதிந்திருந்தால்தான் வேறுபாடு வெளியே தெரியும். அப்போது பழைய சூத்திரம் ஆளைக் குள்ளமாக்கிவிடும்.

இதற்கு ஒரு விலை உண்டு. சுருக்கிய கெழுக்கள் எப்போதும் பூஜ்ஜியத்தின் பக்கம் சாய்ந்தே நிற்கும். என்றாலும், கூட்டும் எண்ணை அளவோடு வைத்தால் அந்தச் சாய்வால் வரும் நட்டத்தைவிடத் தடுமாற்றம் அடங்குவதால் வரும் லாபம் அதிகம் என்றும், அப்படி ஓர் எண் எப்போதும் உண்டு என்றும் அந்த இருவரும் நிறுவினார்கள். எந்த எண் என்பதை மட்டும் தேற்றம் சொல்லாது. நடைமுறையில் தரவைப் பத்துக் கூறாக்கி, ஒன்பதில் சூத்திரம் கண்டு, மீதி ஒன்றில் சோதித்து, பிழை எங்கே குறைகிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். மென்பொருளில் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பைத்தானின் `sklearn` தொகுப்பு ஆட்களின் எண்ணிக்கையால் வகுக்காமலே கணக்கிடுகிறது. நம்முடைய 0.1 அங்கே 200 × 0.1, அதாவது `Ridge(alpha=20)`. அளவுகளை ஒரே அலகுக்குக் கொண்டுவருவதையும் விட்டுவிடக் கூடாது. ஒரு பாதம் சென்டிமீட்டரிலும் மற்றது மில்லிமீட்டரிலும் இருந்தால் மெலிந்த திசையே வேறாகிவிடும்.

ரிட்ஜ் ஏமாற்றும் இடமும் ஒன்று உண்டு. தரவு மெலிந்த திசையில் பெரிய விளைவு இருக்காது என்று அது எடுத்துக்கொள்கிறது. பாதங்களுக்கு இது பொருந்தும். காற்றின் ஈரப்பதம் அளக்க இரண்டு வெப்பமானிகளை அருகருகே தொங்கவிடுவார்கள். ஒன்றின் குமிழ் உலர்ந்தது, மற்றதன் குமிழில் ஈரத் துணி சுற்றியிருக்கும். வெயில் ஏறினால் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்து ஏறும், இறங்கினால் சேர்ந்து இறங்கும். ஆனால் ஈரப்பதத்தைச் சொல்வது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். காற்று வறண்டிருந்தால் துணியின் நீர் வேகமாக ஆவியாகி ஈரக் குமிழ் குளிரும், இடைவெளி அகலும். தேடும் செய்தி முழுவதும் சுருட்டின் குறுக்குவாக்கில் இருக்கிறது. பாதங்களுக்கு இட்ட அதே 0.1-ஐ இங்கேயும் இட்டால் ரிட்ஜ் முதலில் நசுக்குவது அதைத்தான்.

பத்துக் கூறுச் சோதனையில் இது தெரிந்துவிடும். கூட்டும் எண்ணைக் கொஞ்சம் உயர்த்தியதுமே பிழை ஏறத் தொடங்கும். பூஜ்ஜியத்தை ஒட்டிய எண்தான் சிறந்தது என்று வரும். அப்போது செய்ய வேண்டியது, இரு வெப்பமானிகளின் வித்தியாசத்தைத் தனி நெடுவரிசையாகக் கணக்கிட்டு, அதை அதன் சொந்தத் திட்ட விலக்கத்தால் வகுத்து, ஈரக் குமிழ் அளவுக்குப் பதிலாகக் கொடுப்பது. 0.02 அளவுக்கு மெலிந்து கிடந்த திசை, தன் பெயரில் ஓர் அளவாகி 1 என்ற பரவலோடு வந்து நிற்கும். அதன் பிறகு 0.1 கூட்டினாலும் அதற்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது.