சந்தை இறங்கும்போது எஸ்.ஐ.பி. என்ன செய்கிறது?

மியூச்சுவல் ஃபண்டில் மாதம் 5,000 ரூபாய் எஸ்.ஐ.பி. போடுகிறீர்கள், ஒரு யூனிட்டின் விலை அன்று 50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஸ்டேட்மென்டில் 100 யூனிட் இருக்காது, 99.995 யூனிட் இருக்கும். 2020 ஜூலையிலிருந்து ஒவ்வொரு தவணையிலும் 0.005 சதவீதம் முத்திரைத்தாள் கட்டணம் பிடிக்கிறார்கள். 5,000 ரூபாய்க்கு அது 25 பைசா. மீதிப் பணத்துக்குத்தான் யூனிட் கிடைக்கிறது.

யூனிட்டின் விலையை என்.ஏ.வி. என்பார்கள். வங்கியில் நாம் கொடுத்துவைத்த மேண்டேட்டின்படி, குறித்த தேதியில் பணம் தானாகப் போகும். அது ஃபண்ட் நிறுவனத்தின் கணக்குக்கு வந்து சேரும் நாளின் என்.ஏ.வி.தான் நமக்கு. ஆகவே தவணைத் தேதி 5 என்றாலும், பணம் 6-ம் தேதி சேர்ந்தால் 6-ம் தேதி விலைக்குத்தான் வாங்கியிருப்போம். எந்தத் தேதி லாபம் என்று பலர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். பல வருடக் கணக்கில் அதனால் பெரிய வித்தியாசம் வருவதில்லை. சம்பளம் வந்து நாலைந்து நாளில், கணக்கில் நிச்சயம் பணம் இருக்கும் தேதியாகப் பார்த்து வைத்தால் போதும். பணம் இல்லாமல் தவணை திரும்பினால் வங்கி அபராதம் பிடிக்கும்.

இந்த முறையின் சூட்சுமம் விலை இறங்கும்போதுதான் தெரியும். ஆறு மாதம் என்.ஏ.வி. இப்படிப் போகிறது: 50, 40, 25, 32, 40, 50. ஒவ்வொரு மாதமும் 5,000 ரூபாய். (சில்லறையை விட்டுவிடுவோம்.) 50 ரூபாயில் 100 யூனிட்தான் கிடைத்தது, 25-க்கு இறங்கிய மாதம் 200 கிடைக்கிறது. ஆறு மாத முடிவில் கையில் 806.25 யூனிட். போட்டது 30,000 ரூபாய், மதிப்பு 40,312 ரூபாய். முதல் மாதமும் கடைசி மாதமும் விலை அதே 50தான், ஆனாலும் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் லாபம்.

இப்போது, விலை 25-க்கும் 32-க்கும் இருந்த அந்த இரண்டு மாதமும் பயந்து நிறுத்திவிட்டவரைப் பாருங்கள். அவர் போட்டது 20,000, கிடைத்தது 450 யூனிட், மதிப்பு 22,500. அந்த இரண்டு தவணை 10,000 ரூபாய் வங்கியில் பத்திரமாகவே இருக்கிறது. ஆனால் லாபம் 2,500-ஓடு நின்றுவிட்டது. 2020 மார்ச்சில், கொரோனா ஊரடங்கு அறிவித்த வாரத்தில், நிஃப்டி 7,600 அளவுக்குச் சரிந்தது. ஜனவரியில் அது 12,300-க்கு மேல் இருந்தது. பிறகு நவம்பரிலேயே 13,000-ஐத் தொட்டுவிட்டது. அந்த மார்ச், ஏப்ரல் தவணைகளை விட்டவர்கள், அந்தச் சுற்றில் மிக மலிவாகக் கிடைத்த யூனிட்டுகளைத்தான் விட்டார்கள்.

இதை மட்டும் காட்டித்தான் பெரும்பாலும் எஸ்.ஐ.பி.யை விற்கிறார்கள். மறுபக்கத்தையும் பார்த்தால்தான் கணக்கு நேர்மையாக இருக்கும். விலை முதலில் ஏறி, பிறகு இறங்கினால்? 50, 62.50, 80, 100, 80, 50. இங்கேயும் தொடக்கமும் முடிவும் 50தான். ஆனால் உச்சியில் வாங்கிய மாதங்களில் 50, 62.5 யூனிட் என்றுதான் கிடைத்தது. மொத்தம் 455 யூனிட், மதிப்பு 22,750 ரூபாய். போட்ட 30,000-த்தில் 7,250 ரூபாய் நஷ்டம். முதல் மாதமே 30,000-த்தையும் மொத்தமாகப் போட்டவருக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. சராசரி விலை குறையும் என்பது உண்மைதான். நஷ்டமே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தொடர்ந்து ஏறிக்கொண்டே போகும் சந்தையில் மொத்தமாகப் போட்டவர்தான் முந்துவார். மாதச் சம்பளக்காரருக்கு அந்த வாய்ப்பு இருப்பதில்லை என்பதால்தான் எஸ்.ஐ.பி. அவருக்குப் பொருந்துகிறது.

இன்னொரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. பதினைந்து வருடம் போட்டு 20 லட்சம் சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தை 30 சதவீதம் சரிந்தால் 6 லட்சம் போய்விடும். அந்த மாதம் போடும் 5,000 ரூபாய் எவ்வளவு மலிவாக வாங்கினாலும் இந்தப் பள்ளத்தை நிரப்பாது. ஆரம்ப வருடங்களில் சரிவு நமக்குச் சாதகம், கடைசி வருடங்களில் அது பாதகம். மகளின் கல்லூரிக் கட்டணமோ ஓய்வுக்காலமோ நெருங்குகிறது என்றால், தேவைப்படும் தேதிக்கு இரண்டு மூன்று வருடம் முன்பிருந்தே பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடன் ஃபண்டுக்கோ வங்கி டெபாசிட்டுக்கோ மாற்றத் தொடங்க வேண்டும். சந்தை நன்றாக ஏறிக்கொண்டிருக்கும்போது இதைச் செய்ய யாருக்கும் மனம் வராது. அப்போதுதான் செய்ய வேண்டும்.

மாற்றும்போது, ஒவ்வொரு தவணையும் தனித்தனிக் கொள்முதல் என்பதை மறக்கக் கூடாது. முதலில் வாங்கிய யூனிட்தான் முதலில் விற்கப்படும். பல ஈக்விட்டி ஃபண்டுகளில், வாங்கி ஒரு வருடம் ஆகாத யூனிட்டுக்கு வெளியேறும் கட்டணம் உண்டு. அவற்றின் லாபத்துக்கு வரியும் அதிகம். ஆகவே மொத்தத்தையும் ஒரே நாளில் எடுத்தால் கடைசிப் பன்னிரண்டு தவணைகள் இதில் மாட்டிக்கொள்ளும். ஒரு வருடம் தாண்டிய யூனிட்டுகளின் லாபத்தில், 2024 ஜூலை மாற்றத்தின்படி, ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை. இரண்டு மூன்று நிதியாண்டுகளாகப் பிரித்து எடுப்பவருக்கு இந்தச் சலுகை ஒவ்வொரு வருடமும் கிடைக்கும்.