மூச்சு விடும் டிரான்ஸ்பார்மர்

துணை மின்நிலைய டிரான்ஸ்பார்மரின் தலைக்கு மேல் படுத்திருக்கும் உருளைத் தொட்டிதான் கன்சர்வேட்டர். ஆயிரம் லிட்டர் எண்ணெய் 40 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் சுமார் 30 லிட்டர் பெருகும். பெருகியது இந்தத் தொட்டிக்கு ஏறும். சுமை குறைந்து எண்ணெய் சுருங்கும்போது வெளிக்காற்று உள்ளே இழுபடும்.

அந்தக் காற்றின் ஈரம் எண்ணெயில் கலந்தால் மின்காப்புத் திறன் சரியும். சுருள்களைச் சுற்றிய காகிதமும் நைந்துபோகும். அதனால் காற்று பிரீதர் வழியாகத்தான் போக வேண்டும். அடிக்கிண்ண எண்ணெயில் குமிழியிட்டுத் தூசியை விட்டுவிட்டு, சிலிகா ஜெல் மணிகளிடம் ஈரத்தை இழக்கும்.

உலர்ந்த நீல மணிகள் ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும். காற்று கீழிருந்து வருவதால் நிறமும் கீழிருந்தே மாற வேண்டும். மேலே முதலில் மாறினால் மணிகளை மட்டும் மாற்றிப் பயனில்லை. பிரீதருக்கும் கன்சர்வேட்டருக்கும் இடையே ஏதோ ஓர் இணைப்பில் காற்று குறுக்குவழியாக நுழைகிறது. கேஸ்கட்டைத்தான் பார்க்க வேண்டும்.