ஒரு தீ, இரண்டு பாலிசி, ஒரே இழப்பீடு

ஈரோட்டு நூல் வியாபாரி ஒருவரை எடுத்துக்கொள்வோம். குடோன் சரக்கைக் காட்டி வங்கியில் கேஷ் கிரெடிட் வாங்கியிருக்கிறார். வங்கியே சரக்குக்கு 60 லட்ச ரூபாய்க்குத் தீ காப்பீடு எடுத்து, பிரீமியத்தை அவர் கணக்கில் பிடித்துக்கொண்டது. அதைக் கவனிக்காத அவர், தெரிந்த முகவர் மூலம் வேறொரு நிறுவனத்தில் 30 லட்சத்துக்கு இன்னொரு பாலிசி எடுத்தார். மின்கசிவில் தீப்பிடித்தபோது குடோனில் 60 லட்ச ரூபாய் சரக்கு இருந்தது. அதில் 12 லட்சத்துக்கான நூல் கருகிவிட்டது.

"ரெண்டு பக்கமும் பிரீமியம் கட்டியிருக்கேனுங்க. ஆளுக்குப் பன்னெண்டு லட்சம் தரோணுமில்லீங்களா?" என்று முகவரிடம் கேட்கிறார்.

"இல்லீங்க. ரெண்டும் சேர்ந்துதான் பன்னெண்டு" என்கிறார் முகவர்.

கேட்பவருக்கு இது அநியாயமாகத்தான் படும். ஆனால் தீ காப்பீடு என்பது இழந்ததை ஈடுகட்டும் ஒப்பந்தம். தீக்கு முந்தைய நாள் இருந்த நிலைக்கு அவரைக் கொண்டுவருவதோடு அதன் வேலை முடிகிறது. 12 லட்சம் எரிந்து 24 லட்சம் கைக்கு வந்தால் தீயே லாபமாகிவிடும். அப்படி ஒரு வழி திறந்திருந்தால் எத்தனை குடோன்கள் தாமாகவே பற்றி எரியும் என்று சொல்ல வேண்டியதில்லை.

யார் எவ்வளவு தருவது? தீ பாலிசியின் நிபந்தனைகளுக்குள் பங்களிப்பு விதி ஒன்று இருக்கிறது. அதே சொத்துக்கு நடப்பில் வேறு காப்பீடு இருந்தால், அதை யார் எடுத்திருந்தாலும் சரி, இந்த நிறுவனம் தன் விகிதப் பங்கை மட்டுமே தரும் என்பது அதன் சாரம். நம் வியாபாரியின் இரண்டு பாலிசிகளும் சேர்ந்து 90 லட்சம். அதில் வங்கி எடுத்தது மூன்றில் இரண்டு பங்கு. அது 8 லட்சம் தரும். மற்றது 4 லட்சம். பாலிசியில் சொல்லியிருக்கும் கழிவுகள் இதில் போகும். சரக்கின் மதிப்பைவிட 30 லட்சம் கூடுதலாக எடுத்த காப்பீட்டால் அவருக்கு ஒரு ரூபாயும் கூடுதலாகக் கிடைக்கவில்லை, பிரீமியம்தான் வீண்.

சிக்கல் பெரும்பாலும் கிளைம் படிவத்தில் வருகிறது. 'இதே சொத்துக்கு வேறு காப்பீடு உண்டா?' என்ற கேள்விக்குச் சிலர் 'இல்லை' என்று எழுதிவிடுகிறார்கள். வங்கிக் கணக்கு அறிக்கையைப் புரட்டும் சர்வேயர் கண்ணில் பிரீமியம் பிடித்த வரி பட்டுவிடும். தெரிந்தே மறைத்தார் என்று நிறுவனம் நிரூபித்தால், பாலிசியின் மோசடி நிபந்தனைப்படி 8 லட்சமும் போகலாம். தீப்பிடித்ததும் இரண்டு நிறுவனங்களுக்கும் தகவல் தர வேண்டும், இரண்டு பாலிசிகளையும் சர்வேயரிடம் காட்ட வேண்டும். இரண்டாவது பாலிசியின் பிரீமியம் காசோலை திரும்பியிருந்தால் கதை வேறு. பிரீமியம் வராமல் காப்பீடு தொடங்காது என்கிறது இந்திய காப்பீட்டுச் சட்டம். அந்த நிலையில் பங்கு போட இரண்டாவது பாலிசியே இல்லை. முதல் நிறுவனமே முழுத் தொகையையும் ஏற்க வேண்டும்.

ஒரே சரக்கு எரிந்தது என்பதாலேயே பங்களிப்பு வந்துவிடாது. இரண்டு பாலிசிகளும் ஒரே ஆபத்தையும், ஒரே உரிமையாளரின் நலனையும் காக்க வேண்டும். 1877இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த தானியக் கிடங்கு வழக்கு இதற்கு நல்ல சான்று. தானியம் வணிகருடையது, கிடங்கு வேறொருவருடையது. இருவரும் தனித்தனியே காப்பீடு செய்திருந்தார்கள். சரக்குக்குப் பொறுப்பு கிடங்குக்காரருடையது என்பதால் அவருடைய காப்பீட்டு நிறுவனமே முழு இழப்பையும் ஏற்க வேண்டும், வணிகரின் நிறுவனம் பங்கு தர வேண்டியதில்லை என்று தீர்ப்பானது. நலன் வேறு, ஆகவே பங்களிப்பு இல்லை. ஈரோட்டு வியாபாரியின் நிலை அப்படியல்ல. வங்கி எடுத்த பாலிசியிலும் காப்பீடு பெற்றவர் அவரே, வங்கியின் பெயர் கடனுக்காகச் சேர்ந்திருக்கிறது.

ஆயுள் காப்பீட்டுக்கும், குறித்த தொகை தரும் விபத்துக் காப்பீட்டுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. உயிருக்கு விலை கட்ட முடியாததால் எத்தனை பாலிசி இருந்தாலும் அத்தனையும் பணம் தரும். மருத்துவமனைச் செலவுக்கான பாலிசிகளிலோ, எந்த நிறுவனத்திடம் முதலில் போவது என்பதைக் காப்பீடு பெற்றவரே தேர்ந்தெடுக்கலாம். அங்கே தீராத மிச்சத்தை அடுத்த நிறுவனத்திடம் கேட்கலாம். அங்கும் பில் தொகைக்கு மேல் போகாது.

சரக்கின் மீது கடன் வாங்கியிருப்பவர்கள், வங்கி எடுத்த பாலிசியின் நகலை இந்த ஆண்டே கேட்டு வாங்குங்கள். அதிலுள்ள குடோன் முகவரியும் காப்பீட்டுத் தொகையும் சரியா என்று பாருங்கள். தொகை போதாவிட்டால் அதே பாலிசியில் உயர்த்திக்கொள்ளலாம்; போதுமானதாக இருந்தால் இரண்டாவது பாலிசிக்குச் செலவழிக்க வேண்டாம்.