ஃபார்வர்டுக்கு மேலே மூன்று வரி

வாடிக்கையாளரின் புகார் மின்னஞ்சலை ஒற்றைக் கேள்விக்குறியோடு அதிகாரிகளுக்கு அனுப்புவது அமேசானின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்தபோது ஜெஃப் பெசோஸின் வழக்கமாக இருந்தது. முதலாளி என்பதால் அது செல்லுபடியானது.

மற்றவர்கள் விளக்கத்தான் வேண்டும். சப்ளையரின் கடிதத்தைக் கொள்முதல் பிரிவு கணக்குப் பிரிவுக்கு அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். மேலே இவ்வளவு எழுதினால் போதும்: “இரண்டாவது பில்லில் ஜிஎஸ்டி 5க்குப் பதில் 18 சதவீதம் போட்டிருக்கிறார்கள். சரிபார்த்து வியாழனுக்குள் சொல்லுங்கள் சார். சப்ளையருக்கு நானே பதில் எழுதுகிறேன்.”

கடைசி வரியை விட்டுவிடுகிறவர்களே அதிகம். ஃபார்வர்டு ஆன கடிதத்தில் ‘ரிப்ளை’ அழுத்தினால், பதில் அதை அனுப்பிய சக ஊழியருக்குத்தான் திரும்பும், சப்ளையருக்குப் போகாது. அவரோ, பதில் எவரிடமிருந்தும் வராமல் காத்திருப்பார்.

கீழே தொங்கும் பழைய உரையாடலில் விலைபேரம் ஏதும் இருந்தால், அதை அழித்துவிட்டு அனுப்புவது நல்லது.